‘சரி, உன் இஷ்டம்!’

காலை ஐந்தே முக்காலுக்கு இன்சார்ஜ் அக்காவுக்குப் போன் போடுவதற்கு முன்னால் மூன்று முறை தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொண்டேன். குரல் சாதாரணமாக இருந்தால் நம்ப மாட்டார்களோ என்று ஒரு பயம். ரொம்பக் கம்மியிருந்தால் நடிக்கிறாள் என்பார்களோ என்று இன்னொரு பயம். அக்குளில் வைத்துப் பார்த்த தெர்மாமீட்டர் 102 டிகிரி காட்டியது. இருந்தும் நான் யோசித்துக்கொண்டிருந்தது காய்ச்சலைப் பற்றி அல்ல, குரலைப் பற்றி.

“அக்கா, ராத்திரியிலேருந்து காய்ச்சல். எழுந்து நிக்கவே முடியல. இன்னைக்கு ஒருநாள் மட்டும்...”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

“நீயுமா? ஏற்கெனவே ரெண்டு பேர் இல்ல. காலையில நாலு பேர் நிக்க வேண்டிய வார்டு. நைட் முடிச்சவளத்தான் பிடிச்சு நிறுத்தணும்.” ஒரு பெருமூச்சு. “சரி, உன் இஷ்டம்.”

ஆறரைக்கு நான் பஸ்ஸில் இருந்தேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலம் அது. அந்த அக்கா என்னை வரச் சொல்லவில்லை. லீவு தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யாராவது விசாரித்தால் ‘அவளாகத்தான் வந்தாள்’ என்று அவரும் சொல்லலாம், ‘நானாகத்தான் வந்தேன்’ என்று நானும் சொல்லலாம், இரண்டும் உண்மை. உடம்பு முடியாமல் வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள். மிரட்டி வரவழைக்கப்படுகிறவர்கள் குறைவு. ஒரு பெருமூச்சு போதும்.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ‘பிரசென்டீயிசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் வந்திருக்கிறார், ஆனால் வேலை செய்யும் நிலையில் இல்லை என்பது அதன் பொருள். எல்லா அலுவலகத்திலும் இது உண்டு. ஆனால் நோயைத் தீர்க்கும் இடத்திலேயே இது அதிகம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர்கள், நர்ஸ் பிராக்டிஷனர்கள் எனச் சிகிச்சை தருகிற 536 பேரிடம் கேட்டு, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயோடு வேலைக்கு வந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று அவர்களில் 95 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆட்களில் 83 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்தில் ஒரு முறையாவது நோயோடு வேலைக்கு வந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கிட்டத்தட்ட எல்லாருமே சொன்ன காரணம், கூட வேலை செய்கிறவர்களைக் கைவிட மனம் வரவில்லை என்பது. சக ஊழியர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தைச் சொன்னவர்கள் 64 சதவீதம். படித்தவர்கள், கிருமி எப்படிப் பரவும் என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள். தெரியாமல் வரவில்லை. தெரிந்தும் வந்தார்கள்.

நானும் தெரிந்துதான் போனேன். அந்த நாளைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கிளம்பும் முன் ஆறே காலுக்கு ஒரு பாராசிட்டமால் 650 போட்டுக்கொண்டேன். மூக்கு ஒழுகுவதற்காக வீட்டிலிருந்த சளி மாத்திரையையும் போட்டேன். அந்தச் சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. கூடவே குளோர்பெனிரமின் என்று ஒரு மருந்து, அது தூக்கத்தைக் கொண்டுவரும். இதையெல்லாம் நோயாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஏழு மணிக்கு நைட் டூட்டிக்காரர்களிடமிருந்து வார்டை எடுத்துக்கொண்டபோது உடம்பு லேசாகத்தான் இருந்தது. வியர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. “பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்க!” என்றார் இன்சார்ஜ் அக்கா. அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் குற்றவாளிபோல் இருந்தது. காலையில் போனில் சொன்னது பொய் என்று இப்போது என் முகமே சாட்சி சொல்கிறது. பாராசிட்டமாலின் வேலையே அதுதான். அது காய்ச்சலை இறக்கும், கிருமியைத் தொடாது. நோய் அப்படியே இருக்க, அதன் அடையாளத்தை மட்டும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு அழித்துவைக்கும்.

ஆறே காலுடன் ஆறு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டே கால். வார்டில் மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் நேரம் அதுதான்.

நம் ஊரில் இன்சுலின் பாட்டில்கள் இரண்டு வீரியத்தில் வருகின்றன. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. ஊசியும் அதற்கு ஏற்றபடி தனித்தனி. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பாட்டிலையும் மூடியையும் பொருத்திப் பார்த்த பிறகே மருந்தை இழுக்க வேண்டும். எங்கள் வார்டில் வழக்கமாக இருப்பது 40தான். அன்று ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தாத்தாவுக்கு மட்டும் அவர் வீட்டார் வெளிக்கடையில் 100 யூனிட் பாட்டில் வாங்கி வந்திருந்தார்கள். சீட்டில் 10 யூனிட் என்று எழுதியிருந்தது. என் கை தட்டிலிருந்து சிவப்பு மூடியை எடுத்தது, பத்தாவது கோடு வரைக்கும் இழுத்தது. குளிர் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணுக்குள் மணல் அரைத்தது. சீக்கிரம் முடித்துவிட்டு எங்காவது உட்கார வேண்டும் என்பதைத் தவிர மனதில் வேறு எண்ணம் இல்லை.

“அக்கா, பாட்டில்ல நூறுன்னு போட்டிருக்கே. நீங்க சிவப்பு மூடி எடுத்திருக்கீங்க.”

சொன்னது பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பெண். நான் இழுத்திருந்தது கால் மில்லி. 100 யூனிட் பாட்டிலில் கால் மில்லி என்றால் 25 யூனிட். பத்து போட வேண்டிய இடத்தில் இருபத்தைந்து, அதுவும் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைக்கிற வயதானவருக்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி நினைவு தப்பியிருக்கும். நாங்கள் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அது நடந்திருக்கும்.

அந்தப் பெண் பார்க்காமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். உடம்பு சரியில்லாதபோது கைப்பழக்கம் கெடுவதில்லை. நரம்பு குத்துவது, டிரிப் போடுவது எல்லாம் தானாக நடக்கும். வழக்கத்துக்கு மாறாக ஒன்று இருக்கிறது என்று கவனிக்கிற அந்தச் சிறிய விழிப்புதான் முதலில் அணைகிறது. அதனாலேயே ‘வந்து சமாளித்துவிட்டேன்’ என்கிற நினைப்பு ஆபத்தானது. சமாளித்தது கை மட்டும்.

தவறு நடக்காமல் தப்பியது. நோய் தப்பவிடவில்லை. ஃப்ளூ காய்ச்சல் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கும். அறிகுறி வந்த பிறகு ஐந்திலிருந்து ஏழு நாள் வரைக்கும் பரவும். முதல் மூன்று நாளில்தான் பரவும் வேகம் அதிகம். முகக்கவசம் போட்டிருந்தேன். ஆனால் டீ குடிக்க எல்லாரும் கழற்றுகிற சின்ன அறை ஒன்று இருக்கிறதே, அங்கே நானும் கழற்றினேன். நான் போனது திங்கட்கிழமை. வியாழக்கிழமை இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். என்னிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. அது ஊரெல்லாம் காய்ச்சல் அடித்த மழைக்காலம். ஆனால் ஒட்டிய நாளிலிருந்து அறிகுறி தெரிய ஒன்றிலிருந்து நான்கு நாள் என்ற கணக்கு சரியாக இருந்தது. ஒரு ஆள் குறைந்துவிடக் கூடாதே என்று போனேன். வார இறுதியில் மூன்று ஆள் குறைந்தது.

இதே ஊரில் ‘மெட்ராஸ் ஐ’ வந்தால் என்ன நடக்கும்? கண் சிவந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால் செக்யூரிட்டி அண்ணனே “ஐயோ, நீங்க வீட்டுக்குப் போங்க சிஸ்டர்” என்பார். இன்சார்ஜ் பத்தடி தூரத்தில் நின்று கை ஆட்டுவார். ஒருவரும் பெருமூச்சு விட மாட்டார்கள், ‘உன் இஷ்டம்’ என்று சொல்ல மாட்டார்கள், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் முகத்தைத் திருப்பவும் மாட்டார்கள். மெட்ராஸ் ஐயினால் யாரும் செத்துப்போவதில்லை. ஃப்ளூ, ஏற்கெனவே நோயில் இருக்கிற முதியவரின் உயிரை எடுக்கக்கூடியது. அப்படியிருந்தும் சின்ன நோய்க்குக் கதவு திறக்கிறது, பெரிய நோய்க்குத் திறப்பதில்லை. காரணம், ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. மற்றது என் வாயால் சொன்னால்தான் தெரியும்.

வேலையிடத்தில் நோய்களுக்கு எழுதாத ஒரு தர வரிசை உண்டு. மாவுக்கட்டு, டைஃபாய்டு ரிப்போர்ட், அம்மை ஆகியவை மேலே. அவற்றைக் கேள்வி கேட்பதில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நடுவில். ஒற்றைத் தலைவலி, மாதவிடாய் வலி, முதுகுவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அடியில். அடியில் இருக்கிற நோய்க்காரர்கள் அநேகமாக லீவே கேட்பதில்லை. கேட்டால் ‘வயிற்றுப்போக்கு’ என்று நடுத்தட்டு நோய் ஒன்றைக் கடன் வாங்கிச் சொல்கிறார்கள். பொய் சொன்ன குற்ற உணர்ச்சி வலிக்கு மேல் ஏறி உட்காருகிறது.

லீவு எடுத்தால் மற்றவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? அவர்களெல்லாம் இரக்கமில்லாதவர்களா? நான் பின்னாளில் இன்சார்ஜாகி, டூட்டி லிஸ்ட்டை என் கையால் போடத் தொடங்கிய பிறகுதான் இது பிடிபட்டது. இதற்கான விடை கணக்கில் இருக்கிறது.

எங்கள் வார்டுக்குக் காலையில் நாலு பேர், மதியம் மூன்று பேர், இரவில் இரண்டு பேர் வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது டூட்டி. வருடத்துக்கு 3,285. ஒரு நர்ஸுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு போக வருடத்தில் 313 நாள் வேலை. நிர்வாகம் எங்களுக்குத் தந்திருந்தது பத்து பேர். பத்துப் பேரும் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், காய்ச்சல் வராமல், கல்யாணத்துக்கோ சாவுக்கோ போகாமல் வந்தால்கூட 3,130 டூட்டிதான் ஆகிறது. 155 டூட்டிக்கு ஆளே இல்லை. அதாவது யாருக்கும் எதுவும் ஆகாத வருடத்திலேயே, வாரத்துக்கு மூன்று முறை யாரோ ஒருத்தி டபுள் டூட்டி பார்த்தாக வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் 36 நாள் லீவு இருப்பதாக வைத்துக்கொண்டால் பள்ளம் 515 டூட்டியாக ஆழமாகிறது.

இந்தியன் நர்சிங் கவுன்சிலின் பரிந்துரையில் இதற்கு வழி இருக்கிறது. வார்டுக்குத் தேவையான ஆட்களோடு, விடுப்பில் போகிறவர்களுக்கு மாற்றாக 30 சதவீதம் பேரைச் சேர்த்து நியமிக்கச் சொல்கிறது. ஒன்பதுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 11.7, அதாவது பன்னிரண்டு பேர். லீவு நாட்களையெல்லாம் கழித்துவிட்டு நான் தாளில் போட்டுப் பார்த்தபோதும் பன்னிரண்டுதான் வந்தது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு பேர்தான் அன்று காலை இன்சார்ஜ் அக்கா விட்ட பெருமூச்சு.

ஆள் போதாத இடத்தில் லீவு என்பது நிர்வாகத்திடம் கேட்கிற உரிமையாக இருப்பதில்லை. தோழியிடமிருந்து திருடுகிற தூக்கமாகிவிடுகிறது. நான் வராவிட்டால் நிர்வாகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இரவெல்லாம் கண்விழித்த ஒருத்தி, வீட்டில் பால்குடிக் குழந்தையை விட்டு வந்தவள், இன்னும் ஏழு மணி நேரம் நிற்க வேண்டியதாகிறது. அவளுக்கு என் மேல் கோபம் வரும். வருவது நியாயமும்கூட. பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்து பேர் என்பது அவள் கண்ணில் படாது. நான் வராதது மட்டும் படும். நிர்வாகம் வைத்த பற்றாக்குறை, எங்களுக்குள் ‘யார் நல்லவள், யார் ஓபி அடிக்கிறவள்’ என்ற குணவிசாரணையாக உருமாறிவிடுகிறது.

இந்த விசாரணையில் நானும் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூனியர் பெண் ஒருத்தி மாதவிடாய் வலி என்று லீவு சொன்னாள். டீ அறையில் நான் சொன்னேன்: “நானெல்லாம் 102 டிகிரியோட வந்து நின்னேன்.” எல்லாரும் தலையாட்டினார்கள். வருந்தி வருந்தி வந்தவள், அந்த வருத்தத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறாள். நான் பட்டது வீண் இல்லை என்றால், படாதவள் செய்தது தப்பாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பெண் அதே வலியோடு வந்தாள். வலி மாத்திரை போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று எனக்கு இன்சார்ஜ் அக்கா சொன்ன ‘உன் இஷ்டம்’ என்பதை அவளுக்கு நான் வேறு சொற்களில் சொல்லியிருந்தேன்.

நோயோடு நிற்பதில் வலியைவிடக் களைப்பூட்டுவது இந்த மறைப்பு வேலை. இருமல் வரும்போது ஸ்டோர் அறைக்குள் ஓட வேண்டும். நோயாளியின் சொந்தக்காரர் கண்ணில் படாமல் மாத்திரை போட வேண்டும். முகத்தைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும், அதே சமயம் ரொம்பத் தெளிவாகவும் வைத்திருக்கக் கூடாது. நாள் முழுக்க இரண்டு டூட்டி. ஒன்று வார்டில், மற்றது முகத்தில். வீட்டுக்குப் போய் விழுந்தால் எழ முடிவதில்லை. இரண்டு நாள் படுத்திருந்தால் போயிருக்கும் என்ற நோய், எனக்கு மூன்று வாரம் இருமலாக இழுத்தது.

காசையும் விட்டுவிட முடியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அதில் நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. தகுதியானவர்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நல்ல ஏற்பாடு. உதவித்தொகை வாங்கும் காலத்தில் அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்ற பாதுகாப்பும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் எழுதப்பட்டது. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த இரண்டு நாளுக்கும் சேரும். மாதம் 15,000 சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 500 என்று வையுங்கள். நிறுவனம் சம்பளத்தோடு நோய் விடுப்பு தராத இடத்தில் அவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால், போவது 1,500. வருவது மூன்றாம் நாளுக்கான 350. அதற்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்க வேண்டும். நீண்ட நோய்க்கு இந்த ஏற்பாடு கை கொடுக்கும், குட்டிக் காய்ச்சலுக்குக் கொடுக்காது. பரவுகிற நோய்களோ பெரும்பாலும் குட்டிக் காய்ச்சல்கள்தான். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் தனியாக ஒரு தொகை என்று ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’ வைத்திருக்கும் இடங்களில் அந்த மூன்று நாளின் விலை இன்னும் ஏறுகிறது.

இருந்தாலும் காசு மட்டும் காரணமாக இருந்தால், சம்பளத்தோடு நோய் விடுப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். லண்டனின் அரசு ஊழியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து செய்த ‘வைட்ஹால்’ ஆய்வு புகழ்பெற்றது. அதிலிருந்து 2005இல் வெளியான ஒரு கட்டுரை, உடல்நலம் குன்றிய ஆண் ஊழியர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. அவர்களில் 17 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுக்கவில்லை. ஓரளவு விடுப்பு எடுத்துக்கொண்ட, அதேபோல் உடல்நலம் குன்றியவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு போன்ற கடுமையான இதய நோய் இரண்டு மடங்கு வந்திருந்தது. லீவு எடுக்காததுதான் இதயத்தைக் கெடுத்தது என்று இதை வைத்துத் தீர்மானமாகச் சொல்லிவிட முடியாது. உடம்பு காட்டுகிற அறிகுறியைப் பொருட்படுத்தாத பழக்கமும் அதில் சேர்ந்திருக்கலாம். எனக்கு இரண்டும் ஒரே பழக்கமாகத்தான் படுகிறது. காய்ச்சலைத் தள்ளிப்போடப் பழகிய மனம், நெஞ்சுவலியையும் வாயு என்று தள்ளிப்போடும்.

நம் ஊரில் இந்தப் பழக்கம் உயிரோடு விளையாடுகிற இடம் ஒன்று உண்டு. டெங்கு. மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் குணம் என்று பொருள். டெங்குவில் அப்படி இல்லை. மூன்றிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ஆபத்தான காலம் அப்போதுதான் ஆரம்பம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் விழும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டிய நேரம். லீவுக்காகக் கூசிக்கொண்டு வீட்டில் கிடக்கிறவர், ‘அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதும் அதே காலையில்தான். வார்டில் இப்படி வேலையிடத்திலிருந்து நேராகத் தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு விடாத வாந்தி, தாங்க முடியாத வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணமான சோர்வு அல்லது படபடப்பு, இவற்றில் எது இருந்தாலும் வேலைக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பு வலிக்கிறதே என்று இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு கிளம்புவது இன்னும் மோசம். அவை ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவோடு.

ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலில் எப்போது திரும்பலாம் என்பதற்கு மருத்துவ ஊழியர்களுக்கான விதி எளிது. காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ‘மாத்திரை போடாமல்’ என்பதுதான் இதில் முக்கியமான சொல். காலையில் 650 போட்டுக்கொண்டு ‘இப்ப இல்ல’ என்று சொல்வதற்கு இதில் இடமில்லை.

நான் இன்சார்ஜானபோது இதையெல்லாம் மாற்றிவிடவில்லை. பன்னிரண்டு பேர் கேட்டேன், பதினொருவர் தந்தார்கள். அந்தப் பதினோராவது ஆளை நிரந்தர லிஸ்ட்டில் சேர்க்காமல், தாளின் அடியில் ‘ரிலீவர்’ என்று தனி வரியில் போட்டேன். ஒவ்வொரு வாரமும் ஒருத்தி அந்த வரியில் இருப்பாள். யாராவது வராவிட்டால் அவள் வருவாள் என்று ஏழு நாளைக்கு முன்பே அவளுக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். எதிர்பாராமல் பிடித்து நிறுத்தப்படுவதில்தான் கோபம் வருகிறது. முன்கூட்டியே தெரிந்த முறையில் அவ்வளவு வருவதில்லை. யாரும் வராமல் இருக்காத நாளில் அந்த ரிலீவர் சும்மா இருப்பாளே என்று மேலே கேட்டார்கள். அப்படிச் சும்மா இருந்த நாள் வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். அன்று அவள் ஸ்டாக் எண்ணினாள்.

லீவு சொல்கிறவளே மாற்று ஆளைத் தேட வேண்டும் என்ற வழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. காய்ச்சலில் கிடப்பவள் ஏழு பேருக்குப் போன் போட்டு ஏழு முறை தன் நோயை நிரூபிக்க வேண்டும். அதை நிறுத்தினேன். ஆள் தேடுவது என் வேலை. போனில் மூன்று கேள்வி மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். என்ன செய்கிறது, டாக்டரைப் பார்த்தாயா, நாளைக்கு வர முடியுமா என்று எத்தனை மணிக்குச் சொல்வாய். வார்டில் எத்தனை பேர் இல்லை என்பதை அந்தப் போனில் நான் சொல்வதே இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எங்களில் ஒருத்தி வார ஓய்வுக்கு அடுத்த நாளைத் தொடர்ந்து நோயாக்கினாள். வருகைப் பதிவை மூன்று மாதம் சேர்த்துப் பார்த்தால் இப்படிப்பட்டது தானாகத் தெரியும், அதற்குத் தனியாக உட்கார்ந்து பேசினால் போதும். பேசியபோது, ஞாயிறு இரவு பஸ் கிடைக்காமல் ஊரிலிருந்து வர முடியாத கதை வெளியே வந்தது. ஓய்வு நாளை மாற்றிப்போட்டேன். ஒருத்திக்காகப் பத்துப் பேரின் காய்ச்சலைச் சந்தேகிக்கிற விதியைப் போட்டிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

இதெல்லாம் பதினொரு பேர் இருக்கிற வார்டில் நடக்கும். பத்துக் கட்டில் நர்சிங் ஹோமில் மூன்றே நர்ஸ்கள் இருப்பார்கள், அங்கே ரிலீவர் வரி போட இடமில்லை. அங்கே டாக்டர் முன்கூட்டியே யாராவது ஓய்வு பெற்ற சிஸ்டரிடம் பேசி, கூப்பிட்டால் ஒரு ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து வைத்திருந்தால்தான் உண்டு. செய்கிறவர்கள் சிலரைத் தெரியும், செய்யாதவர்கள் நிறைய.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. புதிதாகச் சேர்ந்த பெண். “அக்கா...” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். பிறகு இருமினாள். ஒரு முறை, சற்று இடைவெளி விட்டு மறுபடி ஒரு முறை, கொஞ்சம் பலமாக. அந்த இடைவெளியில் அவள் என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

“இருமிக் காட்ட வேண்டாம்மா. காய்ச்சல் எவ்வளவு இருக்கு?”

“நூத்தி ஒண்ணுக்கா.”

“போய்ப் படு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன் போடு.”

அவள் போனை வைக்கவில்லை. “வார்டுல ஆள் இருக்காங்களாக்கா?” என்று கேட்டாள்.